கதைசொல்லி கையை விரிக்கும்போது

ஜான் ஃபவுல்ஸ் 1969-இல் வெளியிட்ட ‘தி ஃப்ரெஞ்ச் லெஃப்டினன்ட்ஸ் வுமன்’ நாவலின் களம் 1867-ஆம் ஆண்டு இங்கிலாந்து, லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊர். முதல் பன்னிரண்டு அத்தியாயங்களில் கதைசொல்லிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஊரின் வம்பு, நிச்சயமான பெண் இருந்தும் நாயகன் சார்லஸ் படும் சஞ்சலம், பணிப்பெண்ணின் மனம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பன்னிரண்டாம் அத்தியாய முடிவில், தலைப்பில் வரும் பெண்ணான சாரா யார் என்று அவரே கேட்கிறார். பதின்மூன்றில், தனக்குத் தெரியாது, இதெல்லாம் கற்பனை என்கிறார்.

இந்த ஒப்புதலால் யதார்த்தக் கதை உடைந்துபோக வேண்டும். ஆனால் உடையவில்லை. சார்லஸை நேராக ஊருக்குத் திரும்பச் சொன்னேன், அவன் கேட்காமல் பால்பண்ணைக்கு இறங்கிவிட்டான் என்று கதைசொல்லி அங்கேயே சொல்கிறார். படைத்தவன் பேச்சை மீறுகிற பாத்திரத்தை நாம் முன்னைவிட அதிகமாக நம்புகிறோம். எல்லாம் அறிந்தவர் என்ற அதிகாரம் போய், உள்ளதை மறைக்காதவர் என்ற அதிகாரம் அவருக்கு வந்துசேர்கிறது.

இதன் பலன் சாராவிடம் தெரிகிறது. பிரெஞ்சுக்காரனிடம் தன்னை இழந்ததாக அவளே சொன்ன கதை பொய் என்பது எக்ஸிட்டர் விடுதியில்தான் வெளிப்படுகிறது. அவள் மனத்துக்குள் கதைசொல்லி முன்பே நுழைந்து பார்த்திருந்தால் அந்தப் பொய் நிற்காது. நுழைந்தும் மறைத்திருந்தால் அது வாசகரை ஏமாற்றுவதாகும். தெரியாது என்ற சொல் இங்கே கதையைத் தாங்கும் தூண்.

பலவீனமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. சாராவின் மனத்துக்கு வெளியே நின்றுவிடும் கதைசொல்லி, சார்லஸின் மனத்துக்குள் தயக்கமின்றிப் போய்வருகிறார். எல்லாப் பாத்திரங்களுக்கும் சுதந்திரம் என்று அறிவித்தவர் அதைச் சமமாகப் பங்கிடவில்லை. ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் அவரே ரயில் பெட்டியில் ஏறி, உறங்கும் சார்லஸுக்கு எதிரே அமர்கிறார். இரண்டு முடிவுகளையும் எழுதப்போவதாகவும், எது கடைசியில் வந்தாலும் அதையே வாசகர் மெய்யென்று கொள்வார் என்பதால் வரிசையை நாணயம் சுண்டித் தீர்மானிப்பதாகவும் சொல்கிறார். சுண்டும் கை அவருடையது. பாத்திரங்களுக்கு அதில் பங்கில்லை. அறுபதாம் அத்தியாயத்தில் சார்லஸும் சாராவும் சேர்கிறார்கள். அறுபத்தொன்றில் ஒருவர் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னால் திருப்ப, அதே காட்சி பிரிவில் முடிகிறது. கதைசொல்லி அஞ்சியபடியே, அந்தப் பிரிவுதான் மனத்தில் தங்குகிறது.

ஆகவே மீபுனைவை அளக்க எனக்கு ஒரே கேள்விதான்: இந்த ஒப்புதலை நீக்கிவிட்டால் கதையில் எது இடியும்? பதின்மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் சாராவே இல்லை. நாணயத்தை எடுத்துவிட்டாலும் இரண்டு முடிவுகளும் அப்படியே நிற்கும். முன்னது கலை, பின்னது வித்தை.