பெயர் இல்லாத ஐந்து அம்புகள்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. கோடு போட்ட தாள், நான்காக மடித்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் எழுதியது. அவனுடைய சம்மதத்தோடு அதில் முக்கியமான பகுதியைத் தருகிறேன்:

"ஐயா, 38ஆம் வினாவில் படத்துக்கு உரிய 2 மதிப்பெண்ணும் எனக்குக் கிடைக்கவில்லை. அம்புகளுக்குப் பெயர் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் படத்துக்குக் கீழேயே சமன்பாடுகளை எழுதியிருக்கிறேன். எந்த அம்பு எந்த விசை என்று தெரியாமல் அவற்றை எழுதியிருக்க முடியாது. வினாவிலும் விசைப்படம் வரைக என்றுதான் இருந்தது. கரும்பலகையில் நீங்கள் வரையும்போதும் பெயர்களை எழுதுவதில்லை, சொல்லிக்கொண்டே வரைவீர்கள். தயவுசெய்து மறுபடியும் பார்க்க வேண்டுகிறேன்."

பெயர் குறிக்காத படத்துக்கு மதிப்பெண் குறைப்பது நம் பள்ளிகளில் பழகிப்போன வழக்கம். நானும் இத்தனை ஆண்டுகளாக அதைப் பின்பற்றி வந்தவன். இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், அந்த வழக்கம் எதை அளக்கிறது என்று முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தேன்.

வினா இதுதான். 2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மரக்கட்டை, 30 டிகிரி சாய்வுள்ள சொரசொரப்பான சாய்தளத்தில் ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. விசைப்படம் வரைந்து உராய்வு விசையைக் காண வேண்டும். படத்துக்கு 2, சமன்பாடுகளுக்கு 2, விடைக்கு 1 என மொத்தம் 5 மதிப்பெண்.

கட்டையின் மேல் செயல்படும் விசைகள் மூன்றே. பூமி அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை mg, அதாவது 19.6 நியூட்டன். தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தள்ளும் விசை N. கட்டை வழுக்கி இறங்காதபடி தளத்தின் வழியே மேல்நோக்கிச் செயல்படும் உராய்வு f. இந்த மூன்றும் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் கட்டை அசையாமல் இருக்கிறது. mg-ஐத் தளத்தின் வழியாகவும் தளத்துக்குச் செங்குத்தாகவும் இரண்டு கூறுகளாகப் பிரித்தால் f = mg sin θ, N = mg cos θ என்று கிடைக்கும். உராய்வு 9.8 நியூட்டன். மாணவன் இந்த விடையைச் சரியாகவே எழுதியிருந்தான்.

அவனுடைய முதல் வாதம் வலுவானதாகத் தோன்றும். சமன்பாடு சரியாக இருப்பவனுக்கு அம்பு தெரியாமல் போயிருக்குமா? ஆனால் விடைத்தாளை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தபோது அவன் படத்தில் மூன்று அம்புகள் இல்லை, ஐந்து இருந்தன. விசைகள் மூன்றோடு, mg-யின் இரண்டு கூறுகளையும் அதே நீல மையில், அதே தடிமனில், முழுக் கோடாக வரைந்திருந்தான்.

இங்கேதான் பெயர் தேவைப்படுகிறது. விசைப்படம் என்பது ஒரு வாக்குமூலம்: இந்தப் பொருளின் மேல் செயல்படுபவை இவை, இவற்றைத் தவிர வேறில்லை. அதில் உள்ள எல்லா அம்புகளையும் கூட்டினால் பொருளின் இயக்கம் கிடைக்க வேண்டும். அவன் வரைந்த ஐந்தையும் கூட்டிப் பாருங்கள். mg ஒரு முறை வருகிறது. அதன் இரண்டு கூறுகளும் சேர்ந்தால் அதுவும் mg-தான், ஆக இரண்டாம் முறையும் வந்துவிடுகிறது. N-உம் f-உம் சேர்ந்து ஒரு mg-ஐத்தான் சமன் செய்யும். மீதி 19.6 நியூட்டன் கீழ்நோக்கி நிற்கிறது. அந்தப் படத்தின்படி கட்டை ஓய்வில் இருக்கவே முடியாது. அந்த இரண்டு அம்புகளின் அருகே mg sin θ, mg cos θ என்று எழுதியிருந்தாலோ, புள்ளிக் கோடாகப் போட்டிருந்தாலோ அவை தனி விசைகள் அல்ல, முதல் அம்பைப் பிரித்த பகுதிகள் என்பது புரிந்திருக்கும். பெயர் இல்லாததால் படம் வேறொன்றைச் சொல்கிறது.

சமன்பாடு அந்தக் குறையை நிரப்பிவிடுகிறதே என்று கேட்கலாம். ஓரளவுக்கு நிரப்புகிறது. ஆனால் சமன்பாட்டுக்கு அவன் ஏற்கெனவே 2 மதிப்பெண் வாங்கிவிட்டான். அதையே காட்டிப் படத்துக்கும் முழு மதிப்பெண் கேட்டால், ஒரே சான்றுக்கு இருமுறை கூலி கேட்பதாகிவிடும். தவிர, f = mg sin θ என்ற வரியை மனப்பாடமாக எழுதுகிறவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். படத்தைத் தனியாகக் கேட்பதே அவர்களையும் புரிந்து எழுதுபவர்களையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

ஆகவே அவனுக்கு மதிப்பெண் குறைத்தது சரியே என்று முடிவு கட்டியிருப்பேன். அன்று மாலை மற்ற விடைத்தாள்களையும் திரும்ப வாங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஒரு மாணவியின் தாள். அவளும் பெயர் எழுதவில்லை. அவளுக்கும் படத்துக்குச் சுழியம். ஆனால் அவள் படத்தில் சரியாக மூன்றே அம்புகள். ஒன்று நேர் கீழே, ஒன்று தளத்துக்குச் செங்குத்தாக, ஒன்று தளத்தின் வழியே மேலே. கயிறோ, கையால் தள்ளுவதோ இல்லாத இந்தக் கணக்கில் அந்த மூன்று திசைகளுக்கும் ஒவ்வொரு விசைதான் பொருந்தும். இங்கே பெயர் இல்லாததால் எதுவும் மயங்கவில்லை. திசையே பெயரைச் சொல்லிவிடுகிறது. நான் கொடுத்த சுழியம் அவளுடைய இயற்பியலுக்கு அல்ல, என் விதிக்குத்தான்.

இன்னொரு தாள் என்னை அதைவிட அதிகம் வருத்தியது. அதில் மூன்று அம்புகளுக்கும் அழகாகப் பெயர் இருந்தது. படத்துக்கு 2க்கு 2 கொடுத்திருந்தேன். உராய்வு அம்பின் அருகே அவன் எழுதியிருந்தது f = μN. அது ஓய்வுநிலை உராய்வின் மேல் எல்லை. கட்டை வழுக்கப்போகும் தறுவாயில் மட்டுமே உராய்வு அந்த அளவை எட்டும். 0.7-ஐ N-இன் மதிப்பான 16.97-ஆல் பெருக்கினால் சுமார் 11.9 நியூட்டன். இறக்கும் கூறோ 9.8தான். அவன் படத்தின்படி, ஓய்வில் இருக்கும் கட்டையை உராய்வே 2.1 நியூட்டன் விசையோடு சரிவில் மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உராய்வு ஒருபோதும் அப்படிச் செய்யாது. சமன்பாட்டிலும் விடையிலும் அவனுக்கு மதிப்பெண் குறைந்தது, படத்தில் குறையவில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்த என் கண், எந்தப் பெயர் என்று பார்க்கவில்லை.

இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழக்கத்தின் நிறையும் குறையும் ஒருசேரத் தெரிகின்றன. பெயர் கேட்பது நல்லது, ஏனென்றால் தவறான புரிதல் பெயரில்தான் வெளிப்படுகிறது. மூன்றாவது மாணவன் பெயர் எழுதியதால்தான் அவன் குழப்பம் எங்கே என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பெயர் இருந்தால் 2, இல்லாவிட்டால் 0 என்ற கணக்கு, பெயரைப் படிக்க வேண்டிய ஆசிரியரைப் பெயரை எண்ணுபவராக மாற்றிவிடுகிறது.

பாகம் குறிக்கும் பழக்கம் உயிரியல் படங்களில் முழுக்கப் பொருந்தும். இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தில் எது பெருந்தமனி, எது நுரையீரல் தமனி என்று பெயர் குறிப்பதுதான் அங்கே அறிவு. ஒளியியலில் அப்படியில்லை. குவிலென்சின் வழியே செல்லும் கதிருக்குப் பெயர் வேண்டாம், அம்புமுனை சரியான பக்கம் பார்க்க வேண்டும். விசைப்படம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று நாங்கள் வைத்துக்கொண்டதில்தான் கோளாறு.

அந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில், முகம் தெரியாத மாணவர்களின் தாள்களைப் பல ஆசிரியர்கள் ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்துகிறோம். என் மேசைக்கு வந்தாலும் பக்கத்து மேசைக்குப் போனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரே மதிப்பெண் விழ வேண்டும். அதற்கு இறுக்கமான விதிதான் காவல். அங்கே மாணவன் ஆசிரியருக்குக் கடிதம் எழுத முடியாது. பிளஸ் 2 முடிவுக்குப் பிறகு விடைத்தாள் நகல் வாங்கி, கட்டணம் கட்டி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் வகுப்புத் தேர்வு முகாம் அல்ல. எழுதியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடிதத்தின் மூன்றாவது வாதத்துக்கு என்னிடம் மறுப்பே இல்லை. அவனுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். சாய்தளப் படம், ஐந்து அம்புகள், பெயர் எதுவும் இல்லை. நான் கரும்பலகையில் வரைந்தது அப்படியே இருந்தது. நான் விசைகளை வெள்ளைச் சாக்பீஸிலும் கூறுகளை மஞ்சளிலும் வரைவேன். பெயரை வாயால் சொல்வேன். என் படத்தில் நிறமும் குரலும்தான் பெயர்களாக இருந்தன. அவன் கையில் ஒரே நீலப் பேனா. நிறமும் போய், குரலும் போய், கோடுகள் மட்டும் குறிப்பேட்டுக்கு வந்திருக்கின்றன, அங்கிருந்து தேர்வுக்கும்.

கடிதம் எழுதும் வழக்கத்திலும் ஒரு குறை உண்டு. கேட்கத் துணிந்தவனுக்கு மட்டும் அது பயன்படும். அந்த மாணவி எழுதவே இல்லை. அவளுக்குத்தான் அதிகம் கிடைத்திருக்க வேண்டும். ஒருவன் கேட்டதற்காக அவனுக்கு மட்டும் கூட்டிப் போட்டால், அடுத்த தேர்விலிருந்து மதிப்பெண் கெஞ்சுபவர்களின் பக்கம் போய்விடும். ஒரு கடிதம் ஒரு விதியைக் கேள்வி கேட்கிறது என்றால், அந்த விதி தொட்ட எல்லாத் தாள்களையும் திறந்தாக வேண்டும். வேலை அதிகம்தான். 43 தாள்களில் இந்த ஒரு வினாவை மட்டும் திரும்பப் பார்க்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

படத்துக்கான 2 மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தேன். சரியான விசைகள் சரியான திசையில் இருப்பதற்கு ஒன்று. எந்த அம்பு எது என்று ஐயமில்லாமல் தெரிவதற்கு ஒன்று. மாணவிக்கு ஒன்றரை. பெயர் எழுதப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அரை குறைந்தது. கடிதம் எழுதியவனுக்கு ஒன்று. ஐந்து அம்புகளையும் அவன் எதிரிலேயே கூட்டிக் காட்டினேன், ஒத்துக்கொண்டான். f = μN என்று எழுதியவனின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. வேறொருவன் எழுதிய கடிதத்தால் இவன் இழக்கக் கூடாது. அவனைக் கூப்பிட்டு, கட்டை ஏன் மேலே ஏறவில்லை என்று மட்டும் கேட்டேன்; கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனே அடித்துத் திருத்தினான்.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயருக்கு மதிப்பெண் உண்டென்றால் அதை வினாவிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் அடுத்த திருப்புதல் தேர்வில் அந்த வினா இப்படி அச்சாகியிருக்கிறது: "விசைப்படம் வரைந்து, ஒவ்வொரு அம்புக்கும் விசையின் பெயரையும் அந்த விசையைச் செலுத்தும் பொருளையும் எழுதுக, கூறுகளைப் புள்ளிக் கோட்டில் காட்டுக."