படத்தில் பார்த்து கேரம் போர்டை மதிப்பிடுதல்

நேர் மேலிருந்து எடுத்த படமாக இருந்தால், கேரம் போர்டின் அளவை அதன் மேலுள்ள காயே சொல்லிவிடும். போட்டிக்குரிய போர்டில் சட்டத்துக்குள் ஆடும் பரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. சதுரம், காயின் விட்டம் 3 செ.மீ.க்குச் சற்று மேல். ஆக, ஒரு பக்கத்தில் 23, 24 காய்களை வரிசையாக வைக்கலாம். படத்தில் காய் 4 மி.மீ., பக்கம் 72 மி.மீ. என்றால் 18 காய்தான் கொள்ளும்; அது சுமார் 56 செ.மீ. போர்டு. குழந்தைகளுக்குப் போதும், பெரியவர்களுக்குக் கை இடிக்கும். சிறிய போர்டுகளுடன் சிறிய காய்களும் வருவதால், காயின் அளவை விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து பலகை. குழியின் வெட்டு விளிம்பை அருகில் எடுத்த படத்தில் ப்ளைவுட்டின் அடுக்குகள் தெரியும். வீட்டுக்கு 8 மி.மீ. தடிமன் நல்ல தேர்வு, 4 மி.மீ. பலகை மழைக்காலத்தில் நடுவில் தொய்ந்து, காய்கள் தாமாகவே அங்கே நகரத் தொடங்கும். இந்தத் தொய்வைக் கண்டுபிடிக்க, பரப்பில் விழும் ஜன்னல் வெளிச்சத்தின் ஓரத்தைப் பார்த்தாலே போதும். நேர்க்கோடு வளைந்திருந்தால் பலகையும் வளைந்திருக்கிறது.

சட்டத்தின் துள்ளல் மட்டும் படத்தில் அகப்படாது. அதற்கு ஒரு காணொளி தேவை: ஓங்கி அடித்த 15 கிராம் ஸ்ட்ரைக்கர் போர்டை மூன்றரை முறை கடக்க வேண்டும்.