சேரும் தேதி

தொலைபேசியில் வேலையை உறுதி செய்த மேலாளர் அன்று மாலையே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட வேண்டும் என்பது மனிதவளத் துறையினர் விரும்பி ஓதும் பாடம். முறையான ஆஃபர் லெட்டர் தயாராவதற்குள் ஆளை வேறு நிறுவனம் கொத்திக்கொண்டு போகாது. வருகிறவருக்கும் நிம்மதி என்கிறார்கள். உண்மைதான். பேசிய சம்பளம் எழுத்தில் வந்துவிடுகிறது, அடுத்து என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. வெறும் வாய்ச்சொல்லைவிட இது மேல்.

என் சண்டை அந்த மின்னஞ்சலின் ஒரே வரியோடு.

சென்னையில் ஒரு ஐ.டி. ஊழியருக்கு ஜூன் 3 அன்று இப்படியொரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 1 அன்று சேர வேண்டும்; கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் பட்டச் சான்றிதழும் அனுப்புங்கள்; மேலிட ஒப்புதல் கிடைத்ததும் ஆஃபர் லெட்டர் வரும். எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவருடைய நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஜூன் 3-ஐயும் சேர்த்து எண்ணினால் அது ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. இன்றே ராஜினாமா கொடுத்தால்தான் சொன்ன தேதியில் போய் நிற்க முடியும். ராஜினாமா செய்யச் சொல்லி மேலாளர் எங்கும் எழுதவில்லை. அந்த வேலையைக் காலண்டர் பார்த்துக்கொள்கிறது. மூன்று வாரம் கழித்து ஒப்புதல் மறுக்கப்பட்டால், 'ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று அடியில் போட்டிருந்தோமே என்பார்கள்.

இது வீண் பயமல்ல. 1975 டிசம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில், குரூப் ஹெல்த் பிளான் என்ற நிறுவனம் இளம் மருந்தாளுநர் ஒருவருக்குத் தொலைபேசியில் வேலை தந்தது. அதை நம்பி அவர் இருந்த வேலையை விட்டார். தேடி வந்த இன்னொரு வேலையையும் மறுத்தார். அவரைப் பற்றி வெளியில் விசாரிக்கும் வேலையை நிறுவனம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நல்ல பரிந்துரை கிடைக்கவில்லை என்று வேறொருவரை எடுத்துக்கொண்டது. அவருக்கு இழப்பீடு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 1981.

நம் மேலாளர் 'செப்டம்பர் 1' என்பதற்குப் பதிலாக 'ஆஃபர் லெட்டரில் கையெழுத்தான நாளிலிருந்து 90 நாள்' என்று எழுதலாம். அதுவரை ராஜினாமா வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்க்கலாம். பின்னணிச் சரிபார்ப்பு அதற்குப் பிறகும் இழுக்கும்தான். ஆனாலும் பெரிய கண்டம் தாண்டிவிடும். ஏன் எழுதுவதில்லை? எழுதினால் அந்த மூன்று வாரத் தாமதம் நிறுவனத்தின் கணக்கில் ஏறும். இப்போது ஊழியரின் தலையில் இருக்கிறது, மேலாளருக்குச் செலவில்லை. அப்படி எழுதினால் வருகிறவருக்கு நம்பிக்கை போய்விடும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. லெட்டர் வரும் என்று தனக்கே உறுதியில்லாத மேலாளர், எந்த நம்பிக்கையை அவரிடம் கேட்கிறார்?