வட்டமிட்ட சொற்களும் வட்டத்துக்குள் வராத பொருளும்

ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, அதிலுள்ள ‘ஆனால்’, ‘மாறாக’, ‘விட’ போன்ற சொற்களை வட்டமிடச் சொல்வது, எந்த வகைச் சொல் அதிகமோ அதை வைத்துப் பத்திக்கு ‘ஒப்பீடு’ என்றோ ‘காரண-விளைவு’ என்றோ ‘சிக்கல்-தீர்வு’ என்றோ பெயர் வைக்கச் சொல்வது: வாசிப்புப் பயிற்சியில் இது பழகிப்போன முறை. இதன் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சி கண்டது ஒன்று, வகுப்பறை அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. குறிப்புச்சொல் என்பது பத்தியின் அமைப்புக்குக் கிடைக்கும் ஒரு தடயம். தடயத்தையே தீர்ப்பாக வைத்துக்கொள்ளும்போது, மாணவர் பத்தியைப் படிக்காமலே சரியான விடை எழுதிவிட முடிகிறது. படித்துவிட்டுத் தவறான விடை எழுதவும் முடிகிறது.

முதலில் இந்த முறையின் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் பானி மேயர் 1975-இல் வெளியிட்ட நூலில், உரைநடை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் படித்தவர் நினைவில் எது தங்குகிறது என்பதற்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். 1980-இல் அவரும் இரு சகாக்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. படித்ததைத் திரும்ப எழுதும்போது, ஆசிரியர் கையாண்ட அதே மேல்மட்ட அமைப்பில் எழுதியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. நன்றாகப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி எழுதினார்கள், தடுமாறிப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் கொட்டினார்கள். எனவே அமைப்பைப் பிடித்துக்கொண்டு படிப்பது உண்மையான திறன், அது எல்லோருக்கும் தானாக வந்துவிடுவதும் இல்லை. ஆனால் மேயரின் சொல்லாட்சியில் ஒரு நுட்பம் உண்டு. குறிப்புச்சொல், பத்தியின் உள்ளடக்கத்தில் எதையும் கூட்டாமல், ஏற்கெனவே இருக்கும் உறவை வெளிச்சமிட்டுக் காட்டுவது மட்டுமே. அதனால்தான் ஒரே பத்தியைக் குறிப்புச்சொற்களோடு ஒரு வடிவமாகவும் அவை இல்லாமல் இன்னொரு வடிவமாகவும் அவரால் மாணவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. சொல்லை எடுத்தாலும் அமைப்பு அப்படியே நின்றது. அந்த ஆய்வு அளந்ததும் மாணவர் எத்தனை சொல்லைக் கண்டுபிடித்தார் என்பதை அல்ல, படித்ததை எப்படிக் கோத்து எழுதினார் என்பதை.

குறிப்புச்சொல்லும் அமைப்பும் ஒன்றாகக் கலந்துபோகும் இடத்தைக் காட்ட, இதற்கென்றே எழுதிய ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம். “கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடிவதில்லை. அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடுகிறது. வழக்கமான நடவைவிடத் திருந்திய நெல் சாகுபடிக்கு விதை குறைவாகப் போதும். வழக்கமான முறையில் 25 நாளுக்கு மேற்பட்ட நாற்றை நடுகிறார்கள்; இதிலோ 14 நாள் நாற்றையே நடுவதால், தண்ணீர் வரும் தேதி தெரிந்த பிறகு நாற்று விட்டால் போதும். வழக்கமான வயலில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்கள். இதிலோ மண்ணில் மயிரிழை வெடிப்பு விழுந்த பிறகு பாய்ச்சலாம். ஆனால் தண்ணீர் தேங்காத வயலில் களை கூடுதலாக முளைக்கும். அதனால் கோனோவீடரை உருட்ட வேண்டியிருக்கிறது.”

வட்டமிடும் மாணவருக்கு இதில் கிடைப்பவை ஒரு ‘விட’, இரண்டு ‘இதிலோ’, ஓர் ‘ஆனால்’, ஓர் ‘அதனால்’. எண்ணிக்கைப்படி தீர்ப்பு ஒப்பீடு. உடனே அவர் வெட்டிக்கொள்ளும் இரு வட்டங்களை வரைந்து ஒன்றில் வழக்கமான முறையையும் மற்றதில் திருந்திய நெல் சாகுபடியையும் எழுதுவார். விதை, நாற்றின் வயது, தண்ணீர் எல்லாம் அழகாக இடம்பிடிக்கும். முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் எந்த வட்டத்திலும் இடம் இருக்காது. பத்தி எதற்காக எழுதப்பட்டது என்பதோ அந்த இரண்டு வாக்கியங்களில்தான் இருக்கிறது. அவற்றில் ‘சிக்கல்’ என்ற சொல்லும் இல்லை, ‘தீர்வு’ என்ற சொல்லும் இல்லை. தண்ணீர் தாமதமானால் நாற்று முற்றும், முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது என்பது தெரிந்தவருக்கே அது ஒரு சிக்கல் என்று உறைக்கும். அது உறைத்துவிட்டால், பின்னால் வரும் ஒப்பீடுகள் எல்லாம் ‘இந்த முறை இந்தச் சிக்கலுக்கு ஏன் பொருந்துகிறது’ என்பதற்கான ஆதாரங்களாக மாறிவிடுகின்றன. ‘ஆனால்’ என்பதும் இரண்டு முறைகளை எதிரெதிரே நிறுத்த வந்ததல்ல, தீர்வின் குறையை ஒப்புக்கொள்ள வந்தது. ஒப்பீடு இங்கே சிக்கல்-தீர்வு என்ற பெரிய சட்டத்துக்குள் வேலை செய்கிற கருவி. இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. முதல் இரண்டு வாக்கியங்களை மறைத்துவிட்டுப் படித்தால், மீதி புரியும், ஆனால் யாரோ இரண்டு முறைகளை ஏன் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரியாது.

இந்தக் குழப்பத்துக்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்வதும் சரியாகாது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான பொதுப் பாடத்தர வரையறை இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் குறிப்பிட்ட வாக்கியங்களுக்கும் பத்திகளுக்கும் இடையிலான தொடர்பை விவரிக்கச் சொல்கிறது. நான்காம் வகுப்பில் பனுவலின் ஒட்டுமொத்த அமைப்பை விவரிக்கச் சொல்கிறது. முன்னதற்குக் குறிப்புச்சொல் நேரடியாக உதவும், ஏனெனில் ‘ஆனால்’ பொதுவாகத் தனக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கூற்றுகளைத்தான் கட்டுகிறது. பின்னதற்கு அது உதவுவது தற்செயல். ஒரு செங்கல்லுக்கும் அடுத்த செங்கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தைப் பார்த்து வீட்டில் எத்தனை அறை என்று சொல்ல முடியாதல்லவா?

இதற்கும் மேலே, உறவுகளில் கணிசமான பகுதிக்குக் குறிப்புச்சொல்லே கிடையாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மொழியியலாளர்கள் முன்னின்று, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் கட்டுரைகளில் கூற்றுகளுக்கு இடையிலுள்ள உறவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்த தொகுப்பின் இரண்டாம் பதிப்பு 2008-இல் வந்தது. அதில் இணைப்புச் சொல்லால் வெளிப்படையாகக் காட்டப்பட்ட உறவுகள் ஏறத்தாழ 18,500. சொல் எதுவும் இல்லாமல் வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியவை ஏறத்தாழ 16,000. பழகிய பத்திரிகையாளர்கள் எழுதும் உரைநடையில் நிலைமை இப்படி என்றால், சொல்லை மட்டும் தேடப் பழகியவர் கிட்டத்தட்ட பாதி உறவுகளின் முன்னால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். பயிற்சித்தாள்களில் இது தெரிவதில்லை. அவை குறிப்புச்சொற்களை அள்ளித் தெளித்து, அந்தப் பயிற்சிக்காகவே எழுதப்பட்ட பத்திகள்.

ஆங்கிலத்திலிருந்து இந்த முறையைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இன்னொரு இடர் வந்து சேர்கிறது. பட்டியலை மொழிபெயர்த்தால் ‘ஆனால், எனினும், ஏனெனில், மாறாக, ஆகவே’ என்று தனிச்சொற்களாகவே வரும். தமிழோ இந்த வேலையின் பெரும் பங்கைச் சொல்லின் வாலில் ஒட்டும் இடைச்சொற்களிடம் ஒப்படைத்திருக்கிறது. ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்பது முரண். ‘மழை பெய்ததும் ஏரி நிரம்பியது’ என்பது காலவரிசை. இடையில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ‘மழை பெய்தால் நிரம்பும்’ என்பது நிபந்தனை, ‘மழை பெய்ததால் நிரம்பியது’ என்பது காரணம். அதே ஓர் எழுத்து. இந்த நான்கு வாக்கியங்களிலும் வட்டமிட ஒரு தனிச்சொல் கூடக் கிடையாது. தொல்காப்பியத்தின் இடையியல் ‘உம்’ என்ற ஒன்றுக்கே எண், முற்று, ஐயம், எதிர்மறை என்று எட்டுப் பொருள் வகுத்திருக்கிறது. உருவம் ஒன்றாக இருந்தாலும் உறவு எது என்பதைச் சூழல்தான் சொல்லும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிய செய்தி அல்ல. பட்டியலின் தலையில் நிற்கும் ‘ஆனால்’கூட ‘நேரம் ஆனால் கிளம்பிவிடு’ என்பதில் நிபந்தனையாகிவிடுகிறது. அதனால் தமிழில் இந்தப் பயிற்சியைக் கொடுப்பவர் ‘ஆனால்’ போன்றவற்றின் பட்டியலைவிட ‘பெய்தும் / பெய்ததும்’ போன்ற இணைகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தொடக்க வாசகருக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டாமா, ஒட்டுமொத்த அமைப்பு என்ற அருவமான பொருளை ஏழு வயதுக் குழந்தை எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி நியாயமானது. குறிப்புச்சொற்களைக் கற்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜோவன்னா வில்லியம்ஸ் நியூயார்க்கின் இரண்டாம் வகுப்புகளில் விலங்குகளைப் பற்றிய ஒப்பீட்டுப் பத்திகளைக் கொண்டு நடத்திய பயிற்சியிலும் குறிப்புச்சொற்கள் உண்டு. ஆனால் அவை தனியே நிற்கவில்லை. இந்தப் பத்தி எந்த இரண்டைப் பற்றியது, அவை எதில் ஒத்திருக்கின்றன, எதில் வேறுபடுகின்றன என்ற கேள்விகளோடும், விடைகளை எழுத ஒரு கட்டத்தோடும் சேர்ந்தே வந்தன. பயிற்சி பெற்ற குழந்தைகள் முன்பு படித்திராத விஷயத்தைப் பற்றிய ஒப்பீட்டுப் பத்திகளையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் அந்தத் திறன் வேறு அமைப்புள்ள பத்திகளுக்குத் தாவவில்லை. சிறு குழந்தைக்கும் இது முடியும் என்பதற்கு இந்த முடிவு சான்று. ஓர் அமைப்பைக் கற்றால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நம்பி எல்லா அமைப்புகளையும் ஒரே வாரத்தில் சொல்பட்டியலாக ஓட்டிவிடக் கூடாது என்பதற்கும் அதுவே சான்று.

நிஜமான கட்டுரைகளில் எல்லா அமைப்பும் கலந்தே வருகின்றன, ஆகவே ‘இதன் அமைப்பு எது’ என்ற கேள்வியே பொய் என்பவர்களும் உண்டு. கலந்து வருவது உண்மை. நம் பத்தியிலேயே ஒப்பீடும் காரணமும் இருந்தன. ஆனால் அவை சமமாகக் கலந்திருக்கவில்லை, ஒன்று மற்றதற்கு உழைத்தது. எது எதற்கு உழைக்கிறது என்று கேட்டால் கேள்விக்குப் பொருள் இருக்கிறது.

அப்படிக் கேட்பதற்கு ஏற்றபடி பயிற்சியின் வரிசையைத் திருப்பிவிடலாம். முதலில் பத்தியை முழுதாகப் படித்து, ஆசிரியர் எதைச் சொல்ல வந்தார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். ‘கடைமடையில் தண்ணீர் தாமதத்தால் நாற்று முற்றுவதைத் திருந்திய நெல் சாகுபடி சமாளிக்கிறது, களைதான் கூடுதல் வேலை’ என்று ஒருவர் எழுதினால் அமைப்பின் பெயரை அவர் சொல்லாவிட்டாலும் பிடித்துவிட்டார். ‘இரண்டு சாகுபடி முறைகளுக்கும் வேறுபாடு உண்டு’ என்று எழுதியவர் சொற்களில் சிக்கிக்கொண்டார். அதன் பிறகு குறிப்புச்சொற்களுக்குப் போய், தான் எழுதிய வாக்கியத்தை அவை தாங்குகின்றனவா, எந்தச் சொல் அதற்குள் அடங்க மறுக்கிறது என்று பார்க்கட்டும். அடங்க மறுக்கும் சொல்தான் மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

இந்த வரிசையும் தீர்க்காத ஒரு குறை உண்டு. நாற்று முற்றுவது என்றால் என்ன என்று தெரியாதவருக்கு முதல் இரண்டு வாக்கியங்கள் வெறும் தகவல்களாகவே இருக்கும். 1996-இல் டேனியெல் மெக்நமாராவும் வால்டர் கின்ச்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், விஷயம் அதிகம் தெரியாத மாணவர்களுக்கு உறவுகளை வெளிப்படையாகச் சொன்ன பனுவலே உதவியது. ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களோ, ஆழமான கேள்விகளில், இடைவெளிகளைத் தாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்த பனுவலைப் படித்தபோது மேலாகச் செய்தார்கள். தஞ்சைக் கடைமடைப் பள்ளியில் இந்தப் பத்தியைக் கொடுக்கும் ஆசிரியர் குறிப்புச்சொற்களை நீக்கிவிட்டே கொடுக்கலாம். வயலையே பார்த்திராத மாணவர்களுக்குக் கொடுப்பவர், இரண்டாம் வாக்கியத்துக்குப் பின் ‘முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, அதன் பிறகே கேள்வியைத் தொடங்க வேண்டும்.