ஒட்டுத்தாளில் ஓர் உரை

ஹாம்பர்க் அருகே குயிக்போர்னில் எபர்ஹார்ட் ஷ்னெல்லேயும் அவர் குழுவினரும் வளர்த்த மெட்டாபிளான் முறையில், பலகையில் குத்தும் ஓர் அட்டைக்கு ஒரே கருத்துதான். உரை தயாரிக்கையில், ஸ்லைடு மென்பொருளைத் திறக்கும் முன் எழுதும் ஒட்டுத்தாளுக்கும் அதே விதியை வைத்துக்கொள்கிறேன். தடித்த மார்க்கரில் எழுதினால் தாளில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் கொள்ளாது; அந்த நெருக்கடிதான் அழகு. "விற்பனை" என்ற தலைப்பு போதாது. "மழைக்காலத்தில் விற்பனை பாதியானது" என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். அடுத்த தாள்: "கிடங்கில் சரக்கு நனைந்தது." அதற்கடுத்தது: "புதுக் கூரை வேண்டும்." சுவரில் வரிசையாக ஒட்டி வாய்விட்டுப் படிப்பேன். இரண்டு தாள்களுக்கு நடுவே "ஏனென்றால்" அல்லது "அதனால்" பொருந்தாவிட்டால், ஒரு தாள் குறைகிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. பாடுபட்டு அலங்கரித்த ஸ்லைடை நீக்க மனம் வராது. ஒட்டுத்தாளைப் பிய்க்க யாரும் தயங்குவதில்லை. நுணுக்கமான வரைபடம் மட்டும் இதில் அடங்காது; அதற்கு இடம் குறித்துவிட்டுக் கணினிக்குப் போகலாம்.