பயமுறுத்தாமல் விற்கும் சுத்திகரிப்பான்

வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர்கள் இரண்டு டம்ளர்களில் மின்கம்பி விட்டுக் காட்டுவார்கள். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே நிற்கும். நான் சோதித்த ஆர்ஓ, யுவி இயந்திரத்தின் விளம்பர வீடியோக்கள், இந்த வித்தையை உடைப்பதில்தான் தொடங்குகின்றன. வீடியோவில் சொன்னதையெல்லாம் வீட்டிலும் செய்து பார்த்தேன்.

ஆர்ஓ தண்ணீரில் இரண்டு இரும்பு ஆணிகளை இறக்கி, 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். மாற்றமே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் சிறிது நேரத்தில் பழுப்பு படர்ந்தது. அது தண்ணீரிலிருந்த அழுக்கல்ல, ஆணி கரைந்து உண்டான துரு. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், ஆணி கரையும், அவ்வளவுதான்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். ஆர்ஓ தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் தித்தித்தது, மீட்டர் எண் ஏறவேயில்லை. மீட்டர் மின்கடத்தலை அளந்து உப்பைக் கணிக்கிறது. சர்க்கரையும் கிருமியும் அதற்குத் தெரியாது. எண் குறைவாக இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது.

எங்கள் போர் தண்ணீர் 840 காட்டியது, இயந்திரத்தைத் தாண்டியபின் 70. வாரியத் தண்ணீர் 210 மட்டுமே. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால் ஆர்ஓ வேண்டாம், கிருமிக்கு யுவி போதும் என்று வீடியோ சொல்கிறது. விலை கூடிய மாடலை விற்க வந்தவர்களே இப்படிச் சொல்வதால்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விடுபடல் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். இவ்வளவு சிறிய அளவு மீட்டரில் தனியாகத் தெரியாது, யுவி அதை அகற்றாது, ஆர்ஓ குறைக்கும். அந்தப் பக்கத்தில் 400 என்ற எண்ணைப் பார்த்து யுவி மட்டும் வாங்குபவர் ஏமாந்துபோவார். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லும் ஒரு வரியை வீடியோவில் சேர்த்தே ஆகவேண்டும்.

கழிவுநீரை அவர்கள் மறைக்கவில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியேறியது. அதன் டிடிஎஸ் 1,100ஐ ஒட்டியிருந்தது. வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு தங்கிவிடும்.

போர் தண்ணீரே குடிநீர் என்ற வீட்டுக்கு இந்த இயந்திரத்தைப் பரிந்துரைக்கிறேன். பொருத்திய அன்றே உள்ளே போகும் எண்ணையும் வெளியே வரும் எண்ணையும் குறித்து வையுங்கள். உள்ளே போவது மாறாமல், வெளியே வரும் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மெம்பிரேன் தேய்கிறது என்று பொருள். அதை மாற்ற நாள்கணக்கு பார்க்க வேண்டாம், அந்த எண்ணைப் பாருங்கள். வாரியத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில், ஆய்வக அறிக்கை சரியாக இருந்தால், யுவி மாடலே போதும்.