மலிவாகத் தெரிந்த மில்

2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தக் கோடையில் தமிழ்நாட்டு நூற்பாலைப் பங்குகள் பலவற்றின் பிஇ ஒற்றை இலக்கத்தில் இருந்தது. சம்பாதிக்கும் லாபத்தைப் போல ஆறேழு மடங்கு கொடுத்தால் போதும், மில்லே கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. அடுத்த ஆண்டே பஞ்சு விலை சரிந்து நூலின் தேவையும் படுத்தது. 2023 ஜூலையில் மாநிலத்தின் சிறு, நடுத்தர ஆலைகள் நட்டம் தாங்காமல் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. மலிவு என்று சொன்ன கணக்கில் கூட்டல் பிழை இல்லை. வேறு எங்கோ பிழை இருந்தது.

ஒரே தொழிலில் உள்ள நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை சொல்லும் ஒப்பீட்டு மதிப்பீட்டை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பத்தாண்டு வருமானத்தை ஊகித்து இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்க்கும் முறையில், வளர்ச்சி விகிதத்தை ஒரு சதவீதம் கூட்டினால் விடை எங்கோ போய்விடும். ஒப்பீட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. சந்தையில் நிஜமாகவே பணம் கைமாறிய விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிய பங்கு வெளியீட்டு ஆவணங்களில் விலைக்கான அடிப்படையைச் சொல்லும் பகுதியிலும் சக நிறுவனங்களின் பிஇ அட்டவணை இடம்பெறுவது இதனால்தான். முறை நல்லது. ஆனால் ஒப்பிடும் இரண்டும் உண்மையிலேயே ஒன்றா என்ற கேள்வியை அது தானாகக் கேட்காது.

கற்பனையாக இரண்டு மில்களை எடுத்துக்கொள்வோம். கதிர்களின் எண்ணிக்கை, நூல் ரகம், இயந்திரங்களின் வயது எல்லாம் ஒன்று. இரண்டுக்கும் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம், 100 கோடி. தேய்மானம் 30 கோடி. முதல் மில்லுக்குக் கடன் இல்லை. கால் பங்கு வரி போக நிகர லாபம் 52.5 கோடி. அதன் பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பு 500 கோடி என்றால் பிஇ 9.5. இரண்டாம் மில்லுக்கு 300 கோடி கடன், பத்து சதவீத வட்டி. நிகர லாபம் 30 கோடி, பங்குகளின் மதிப்பு 200 கோடி, பிஇ 6.7. பட்டியலில் பார்ப்பவர் இரண்டாவதைத்தான் மலிவு என்பார்.

நிறுவன மதிப்பு என்ற கணக்கு இங்கேதான் உதவுகிறது. பங்குகளின் மதிப்போடு கடனைக் கூட்டி, கையிருப்புப் பணத்தைக் கழித்தால் அது கிடைக்கும். மில்லை முழுதாக வாங்குபவர் கடனையும் சேர்த்துத்தானே சுமக்கிறார்? அப்படிப் பார்த்தால் இரண்டும் 500 கோடி, இரண்டும் எபிட்டாவைப் போல 5 மடங்கு. ஒன்று மற்றதைவிட ஒரு ரூபாய்கூட மலிவில்லை. கடன் பிஇயை எப்போதும் குறைக்கும் என்றும் எண்ண வேண்டாம். இதே மில்களுக்குச் சந்தை 1,000 கோடி நிறுவன மதிப்பு கொடுத்திருந்தால், கடன்காரரின் பிஇ 23, கடனில்லாதவரின் பிஇ 19 என்று தலைகீழாகியிருக்கும். கடன் செய்வதெல்லாம் பிஇயை ஒரு பக்கம் சாய்ப்பதுதான். எந்தப் பக்கம் என்பதை வட்டிக்கும் விலைக்கும் உள்ள உறவு முடிவு செய்கிறது.

சரி, நிறுவன மதிப்பை எபிட்டாவால் வகுத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? நம் ஊர் மில்களில் அங்கேயும் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது காற்றாலை. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில்லின் மின் கட்டணம் குறைவு, எபிட்டா அதிகம். ஆனால் காற்றாலைக்குப் போட்ட முதல் தேய்மானமாகத்தான் கணக்கில் வரும், எபிட்டாவோ தேய்மானத்தைப் பார்ப்பதே இல்லை. நம் முதல் மில்லிடம் காற்றாலை இருக்கிறது என்று கொள்வோம். வாரியத்திடம் மின்சாரம் வாங்கும் மூன்றாவது மில்லுக்கு எபிட்டா 85 கோடி, தேய்மானம் 18 கோடி, நிறுவன மதிப்பு 480 கோடி. எபிட்டா கணக்கில் மூன்றாவதுக்கு 5.6 மடங்கு, முதலாவதுக்கு 5. தேய்மானத்தைக் கழித்த லாபத்தோடு பார்த்தால் இரண்டுக்குமே 7.2க்குச் சற்றுக் குறைவு. இப்படிச் சொத்து வைத்திருப்பவரையும் வாங்கிப் பயன்படுத்துபவரையும் ஒப்பிடும்போது எபிட்டாவை நான் நம்புவதில்லை.

இரண்டாவது பள்ளம் மார்ச் 31. அறுவடைக் காலத்தில் பஞ்சை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் அடுக்கும் மில்லின் கேஷ் கிரெடிட் கணக்கு, ஆண்டுக் கணக்கு முடியும் அன்று உச்சத்தில் இருக்கும். மாதாமாதம் வாங்குபவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆண்டறிக்கைக் கடனை அப்படியே கூட்டினால் முன்னவர் விலையுயர்ந்தவராகத் தெரிவார். செப்டம்பர் 30 இருப்புநிலையையும் எடுத்து இரண்டுக்கும் சராசரி பார்த்தால் படம் மாறும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இணையதளத்தில் தானாகக் கணக்கிட்டு வரும் விகிதத்தை எடுப்பவர் யார் அதைச் செய்கிறார்?

இந்தத் திருத்தங்களை எல்லாம் செய்தாலும் 2022இன் பொறி அப்படியே இருக்கும். அந்த ஆண்டின் லாபத்தில் ஒரு பகுதி நூற்றுச் சம்பாதித்ததல்ல. குறைந்த விலைக்கு வாங்கிய பஞ்சு கிடங்கில் இருக்க, நூல் விலை ஏறியதால் வந்த இருப்பு லாபம் அது. பஞ்சு இறங்கும்போது அதே கிடங்கு நட்டத்தைத் தரும். சுழற்சித் தொழிலில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது பிஇ குறைவாகவும், லாபம் அடியில் கிடக்கும்போது அதிகமாகவும் தெரிவதைப் பங்கு ஆய்வாளர் நிக்கோலஸ் மொலடாவ்ஸ்கி 1953லேயே எழுதிவிட்டார். சந்தை முட்டாள் அல்ல. இந்த லாபம் நிலைக்காது என்று கருதித்தான் ஆறு மடங்குக்கு மேல் கொடுக்க மறுத்தது. அந்த மறுப்பைத் தள்ளுபடி என்று படித்ததுதான் தவறு.

அடையாளம் காண்பது கடினமில்லை. ஒரு கிலோ நூலின் விலைக்கும் அதில் அடங்கும் பஞ்சின் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பத்தாண்டுக்கு எழுதிப் பாருங்கள். நடப்பு ஆண்டு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அந்த ஆண்டின் லாபத்தால் எதையும் வகுக்கக் கூடாது. ஏழெட்டு ஆண்டுச் சராசரி லாப விகிதத்தை இன்றைய விற்பனையின்மேல் வைத்து வரும் தொகையால் வகுக்கலாம். மில்காரர்கள் கேட்பதுபோல ஒரு கதிருக்கு எவ்வளவு விழுகிறது என்றும் பார்க்கலாம். இயந்திரம் பழசா புதுசா என்பதை அது சொல்லாதென்றாலும், ஓராண்டு லாபத்தைப்போல ஏமாற்றாது.

இப்போது நம் முதல் இரண்டு மில்களுக்கும் கெட்ட ஆண்டு வரட்டும். எபிட்டா பாதியாகி 50 கோடி. நிறுவன மதிப்பு 360 கோடிக்கு இறங்குகிறது. கடனில்லாத மில்லின் பங்குகள் 500லிருந்து 360 கோடி, 28 சதவீத வீழ்ச்சி. 6.7 பிஇயில் மலிவாகத் தெரிந்த மில்லின் பங்குகள் 200லிருந்து 60 கோடி, 70 சதவீத வீழ்ச்சி. முதலாவதுக்கு லாபம் 15 கோடி, பிஇ 24. இரண்டாவதுக்கு 10 கோடி நட்டம், ஆகவே பிஇ கட்டத்தில் 'பொருந்தாது' என்று போடுவார்கள். அட்டவணையின் சராசரி எடுக்கும்போது அந்த வரி விடுபட்டுப்போகும், தொழிலின் பிஇ 24 என்று அச்சாகும். இரண்டையும் சேர்த்து 420 கோடி மதிப்பை 5 கோடி மொத்த லாபத்தால் வகுத்தால் வருவது 84. அந்த வேளையில் பங்கு வெளியிட வரும் ஒரு மில் 20 மடங்கு விலை கேட்டு, தொழில் சராசரிக்குக் கீழேதான் கேட்கிறோம் என்று ஆவணத்தில் எழுதினால் ஒரு சொல்கூடப் பொய்யாக இராது.